கறுப்புக் கோட்டின் தோளில் வெள்ளைப் புள்ளிகள்

வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட கையோடு பலரும் ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். கறுப்புக் கோட், வெள்ளைக் காலர், கழுத்தடியில் வெள்ளைப் பட்டை. சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டப்போகிற படம் என்பதால் தலைவாரி, முகம் துடைத்து, கோட்டை இழுத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். கண்ணாடியில் பார்த்தபோது கோட் சுத்தமாகவே தெரிந்திருக்கும். படத்தைக் கணினியில் திறந்து தோள்பக்கம் பெரிதாக்கினால்தான் பொட்டுப்பொட்டாக வெள்ளைப் புள்ளிகளும், வளைந்து நெளிந்த பஞ்சுப் பிசிறுகளும் கண்ணில் படும்.

கண்ணுக்குத் தப்பியது கேமராவுக்கு ஏன் தப்பவில்லை? கறுப்புத் துணி தன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. பொடுகு என்பது காய்ந்து உதிர்ந்த தோல் செதில். அது விழும் ஒளியில் பெரும்பகுதியைச் சிதறடித்துவிடும். வெள்ளைச் சட்டையில் இதே செதில் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. கறுப்பில் அது பல மடங்கு பிரகாசமாக நிற்கிறது. இதற்கு மேல் ஸ்டுடியோ விளக்கும் தன் பங்கைச் செய்கிறது. கறுப்புத் தலைமுடியும் கறுப்புத் தோளும் பின்திரையோடு கலந்துவிடாமலிருக்க, பின்னால் உயரத்திலிருந்து ஒரு விளக்கு வைப்பார்கள். ஹேர் லைட் என்பார்கள். அந்த ஒளி தோளை ஒட்டிச் சரிந்து வருவதால் துணியிலிருந்து மேலே எழும்பி நிற்கும் ஒவ்வொரு துகளின் விளிம்பும் பளிச்சிடும். அறையின் பொது வெளிச்சத்தில் தெரியாதது இந்த ஒளியில் தெரிவது இதனால்தான்.

தோளில் கிடப்பதெல்லாம் பொடுகு அல்ல. பொடுகு ஒழுங்கற்ற வடிவமுள்ள தட்டையான செதில். தலைக்கு நேர் கீழே, தோள் மேட்டிலும் காலரின் பின்புறத்திலும் கூட்டமாக இருக்கும். பஞ்சுப் பிசிறு நூலிழை. எங்கு வேண்டுமானாலும் ஒட்டியிருக்கும், மார்பிலும் கைப்பகுதியிலும்கூட. பாலியஸ்டர் கலந்த கோட்டுகள் உரசலில் நிலைமின்னேற்றம் பெற்று இழைகளைத் தம்மேல் இழுத்து வைத்துக்கொள்கின்றன. மூன்றாவதாக ஒன்று உண்டு. நம் ஊர் ஸ்டுடியோக்களில் அதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. முகப் பவுடர். கோட்டை மாட்டிக்கொண்ட பிறகு கண்ணாடி முன் நின்று பவுடர் பூசினால், அது மெல்லிய சாம்பல் படலமாகக் காலரிலும் தோளிலும் இறங்கும். தனித்தனிப் புள்ளியாக இல்லாததால் கணினியில் நீக்க மூன்றிலும் கடினமானது இதுவே.

ஆகவே வேலையில் பெரும்பாதி விளக்கைப் போடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வரிசைதான் முக்கியம். முதலில் தலைவாருவது, பிறகு பவுடர், கடைசியில் கோட். உலர்ந்த தலையைச் சீப்பால் வாரும்போதுதான் செதில் அதிகமாக உதிர்கிறது. கோட்டைப் போட்டபின் முடியைச் சரிசெய்ய நேர்ந்தால் தோளைச் சுற்றி ஒரு துண்டைப் போர்த்திவிட்டுச் செய்யலாம். அந்தத் துண்டு பூத்துவாலையாக இருக்கக் கூடாது, அதுவே பிசிறை விட்டுச்செல்லும். வழவழப்பான துணி நல்லது.

உட்கார்ந்த பிறகு தோளைக் கையால் தட்டுவது எல்லோரும் செய்வது. பெரிய செதில்கள் பறக்கும். சிறியவை நெசவுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். ஈரக் கைக்குட்டையால் துடைத்தால் பவுடர் கரைந்து திட்டாகும், கைக்குட்டையின் பஞ்சும் சேர்ந்துகொள்ளும். அகலமான செல்லோடேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுப்பதே சரியான வழி. கடையில் விற்கும் ஒட்டும் உருளையும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒற்றும்போது ஹேர் லைட்டை மட்டும் எரியவிட்டு, கேமரா இருக்கும் இடத்திலிருந்து ஒருவர் பார்த்துச் சொன்னால் எதுவும் தப்பாது. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாத படத்துக்குக் கணினியில் அரைமணி நேரம் செலவாகும்.

அப்படியும் சில தப்பும். பிலிம் காலத்திலும் தப்பின. வெள்ளைப் புள்ளி நெகட்டிவில் கறுத்த புள்ளியாக நிற்கும். அதை நெகட்டிவிலிருந்து கூர்மையான கத்தியால் சுரண்டுவது ஆபத்தான வேலை. அச்சிட்ட தாளில், மிக மெல்லிய தூரிகையின் நுனியில் சாயம் தொட்டு, புள்ளி சுற்றியுள்ள கருமையோடு சேரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வைப்பது பாதுகாப்பானது. டச்சிங் செய்பவர்களின் கைத்திறன் இதில்தான் தெரிந்தது. ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. 2002-இல் வந்த போட்டோஷாப் 7.0 ஹீலிங் பிரஷ்ஷைக் கொண்டுவந்த பிறகு, அதே வேலை ஒரு கோப்பில் ஒருமுறை செய்தால் போதும் என்றானது. ஆனால் கருவி எளிதானதில் ஒரு கேடும் வந்தது. புள்ளியோடு துணியும் போய்விடுகிறது. தோள் முழுவதையும் வழித்தெடுத்ததுபோல் மழுங்கடித்து, கோட்டை ரெக்ஸின் ஆக்கிவிட்ட படங்களை எத்தனையோ சட்டங்களில் பார்க்கலாம். நீக்க வேண்டியது துகளை மட்டும். கம்பளி கம்பளியாகவே தெரிய வேண்டும்.

இதை ஒரு படத்தை வைத்தே பார்க்கலாம். 24 மெகாபிக்சல் கேமராவில் செங்குத்தாக எடுத்தது. உயரம் 6000 பிக்சல், அகலம் 4000. தலையிலிருந்து இடுப்புவரை, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் சட்டத்துக்குள் இருக்கிறது. அப்படியானால் கோட்டின் ஒரு மில்லிமீட்டர் படத்தில் 6 பிக்சல். ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள பொடுகுச் செதில் 6 பிக்சல் குறுக்களவுள்ள வட்டம்போல விழும். பருத்தி இழையின் தடிமனோ மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஒரு பிக்சலில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைத்தான் அது நிறைக்கிறது. ஆனாலும் தெரிகிறது. சுற்றியிருப்பது அவ்வளவு கறுப்பு என்பதால், அந்தச் சிறு பங்கு வெளிச்சமே பிக்சலைப் பத்துப் படியளவு வெளுக்க வைத்து, மங்கிய சாம்பல் கோடாக்கிவிடுகிறது. பொடுகு பளிச்சென்ற புள்ளி, பிசிறு மங்கலான கோடு என்ற இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

பொடுகுக்கு முதலில். கணினியில் கருமையின் அளவு 0 முதல் 255 வரை. 0 முழுக் கறுப்பு. நம் படத்தில் கோட் 20 முதல் 35-க்குள் இருக்கிறது. நெசவின் மேடுபள்ளத்தால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஏழெட்டுப் படி ஏறி இறங்குகின்றன. செதில்கள் 100-க்கும் மேல். துணியின் சொந்த ஏற்ற இறக்கம் எட்டு, செதிலின் ஏற்றம் எழுபது எண்பது. இந்த இடைவெளிதான் நமக்குப் பிடி.

படத்தைத் திறந்து Ctrl+J அழுத்தினால் அதே படம் இன்னொரு லேயராக மேலே வரும். அதில் Filter பட்டியலில் Noise என்பதன்கீழ் Dust & Scratches என்ற ஃபில்டரைத் திறக்க வேண்டும். இந்த ஃபில்டர் ஒவ்வொரு பிக்சலையும் சுற்றியுள்ளவற்றோடு ஒப்பிட்டு, அவற்றின் நடு அளவை அதன் இடத்தில் வைக்கிறது. சுற்றுவட்டத்தில் கறுப்பே பெரும்பான்மை என்றால் நடுவில் இருக்கும் வெள்ளைச் செதில் கறுப்பாகிவிடும். சுற்றுவட்டம் எவ்வளவு பெரியது என்பதை Radius சொல்கிறது. எவ்வளவு வேறுபட்டால் மாற்ற வேண்டும் என்பதை Threshold சொல்கிறது.

Threshold-ஐ 0-இல் வைத்துவிட்டு Radius-ஐ 1-இலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். நம் 6 பிக்சல் செதில்கள் 4 வந்ததும் மறைந்துவிடும். அதற்குமேல் போக வேண்டாம். இந்த நிலையில் கோட் களிமண் பூசியதுபோல் இருக்கும், நெசவே இருக்காது. பலர் இங்கேயே சரி என்று அழுத்திவிடுகிறார்கள். ரெக்ஸின் கோட் பிறக்கும் இடம் இதுதான். இப்போது Threshold-ஐ மெல்ல ஏற்றுங்கள். 10-ஐத் தாண்டும்போது நெசவு திரும்பி வரத் தொடங்கும், ஏனென்றால் எட்டுப் படி வேறுபாட்டை ஃபில்டர் இனித் தொடாது. 15-இல் துணி முழுவதும் திரும்பிவிட்டது, செதில்கள் திரும்பவில்லை. அங்கே நிறுத்தலாம். வேறு படத்தில் இந்த எண்கள் வேறாக இருக்கும். Radius-ஐ முதலில், Threshold-ஐ அடுத்து என்ற வரிசை மட்டும் மாறாது.

அடுத்து, அந்த லேயரின் கலப்பு முறையை Normal என்பதிலிருந்து Darken என்று மாற்ற வேண்டும். கீழே உள்ளதும் மேலே உள்ளதும் ஒப்பிடப்பட்டு, எது கறுப்போ அது மட்டும் தெரியும் என்பது இதன் பொருள். செதில் கோட்டைவிட வெளுப்பானது. அதனால் செதில் மறையும். துணியின் இருண்ட இழைகள், தையல் பள்ளங்கள், தோளில் விழுந்த கறுப்பு முடி ஆகியவை அப்படியே நிற்கும். இந்த ஒரு படியைத்தான் நான் யாருக்கும் முதலில் சொல்லித்தருவேன். கறுப்பு உடையில் நாம் நீக்க விரும்புவது எல்லாமே துணியைவிட வெளுப்பானவை என்ற எளிய உண்மையை இது பயன்படுத்திக்கொள்கிறது.

ஆனால் படத்தில் வெளுப்பாக இருக்க வேண்டியவையும் உண்டு. கண்ணில் தெறிக்கும் ஒளி, வெள்ளைப் பட்டையின் ஓரம், பொத்தானின் பளபளப்பு. ஃபில்டருக்கு இவற்றுக்கும் பொடுகுக்கும் வேறுபாடு தெரியாது. எனவே Alt விசையை அழுத்தியபடி லேயர் பட்டியலின் அடியிலுள்ள மாஸ்க் பொத்தானைத் தட்டினால், கறுப்பு மாஸ்க் வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். வெள்ளை நிறப் பிரஷ்ஷை எடுத்து, தோள் மேட்டிலும் பொடுகு உள்ள இடங்களிலும் மட்டும் தீட்டினால் அங்கே மட்டும் ஃபில்டர் வேலை செய்யும். வெள்ளைக் காலருக்கு ஒரு விரலகலம் முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். கோட்டின் மடிப்புக் காலர் முடியும் விளிம்பையும் தொடாதீர்கள். அந்த விளிம்பில் ஓடும் மெல்லிய ஒளிக்கோடு போனால் கோட்டின் வெட்டே தட்டையாகிவிடும்.

பொடுகில் பெரும்பகுதி இத்துடன் தீர்ந்தது. மிஞ்சியிருப்பவை மங்கலான பிசிறுகளும், விளிம்பை ஒட்டிக் கிடக்கும் செதில்களும். பிசிறு துணியைவிடப் பத்துப் படிதான் வெளுப்பு. நாம் 15 என்று கோடு போட்டதால் ஃபில்டர் அதைத் தொடவில்லை. கோட்டை 8-க்கு இறக்கினால் பிசிறு போகும், நெசவும் கூடவே போகும். இங்கே கைவேலைதான் வழி.

புதிதாக ஒரு வெற்று லேயரை மேலே வைத்து, ஹீலிங் பிரஷ்ஷை எடுத்து, மேல்பட்டியில் Sample என்ற இடத்தில் Current & Below என்று தேர்ந்தெடுங்கள். இனிச் செய்யும் திருத்தமெல்லாம் அந்த வெற்று லேயரில் மட்டும் பதியும், பிடிக்காததை அழித்துவிடலாம். பிரஷ்ஷின் அளவு பிசிறைவிடச் சற்றே அகலமாக இருந்தால் போதும். விளிம்பு மிருதுவாக இருக்கக் கூடாது. மிருதுவான பிரஷ் சுற்றிலும் நெசவு கலங்கிய ஒரு வளையத்தை விட்டுவிடும். Hardness 80-க்கு மேல் வைத்துக்கொள்ளலாம். Alt அழுத்தி, சுத்தமான துணியில் ஓரிடத்தைத் தொட்டு, அங்கிருந்து எடுத்து, பிசிறின்மேல் அதன் வளைவோடு இழுக்க வேண்டும்.

எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோட்டுத் துணியில் நெசவு சாய்வாக ஓடும். தோளில் அது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கைப்பகுதியில் தையலைத் தாண்டியதும் வேறு பக்கம் சாயும். மார்பிலிருந்து எடுத்துத் தோளில் வைத்தால் நிறம் பொருந்தும், நெசவு பொருந்தாது. பிசிறுக்குப் பக்கத்திலேயே, அதே துண்டிலிருந்து, அதே சாய்வில் எடுப்பது நல்லது. கேமராவிலிருந்து விலகிய தோள் சற்று மங்கலாக விழுந்திருந்தால், அதே அளவு மங்கலான இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். கூர்மையான நெசவைக் கொண்டுவந்து வைத்தால் அந்த இடம் ஒட்டுப்போட்டதுபோல் தனித்துத் தெரியும். ஒரே இடத்திலிருந்து பலமுறை எடுப்பதும் கூடாது; ஒரே முடிச்சு தோள் முழுவதும் திரும்பத் திரும்ப வரும்.

விளிம்போரச் செதில்களுக்கு ஹீலிங் பிரஷ் உதவாது. அது சுற்றியுள்ள நிறத்தைக் கலந்துகொள்ளும் குணமுடையது. வெள்ளைக் காலருக்கு அருகில் தொட்டால் வெண்மை கறுப்புக்குள் கசிந்து சாம்பல் திட்டாகும். அங்கே குளோன் ஸ்டாம்பை எடுத்து, அதன் Mode-ஐயும் Darken என்று வைத்துக்கொண்டால், தொட்ட இடத்தில் துணியைவிட வெளுத்த பிக்சல்களை மட்டுமே அது மாற்றும், நிறத்தையும் கலக்காது. காலருக்குள் தவறி நுழைந்தால் காலரும் கறுத்துவிடும் என்பதால், கோட்டுப் பகுதியை மட்டும் முதலில் தேர்வு செய்துகொண்டு வேலை செய்வது பாதுகாப்பு.

பவுடர் படலத்துக்கு மேலே சொன்ன எதுவும் சரிப்படாது. அது புள்ளியும் அல்ல, கோடும் அல்ல; துணியின் கருமையையே பரவலாகத் தூக்கிவிட்டிருக்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் ஒரு Curves லேயர் போட்டு, மாஸ்க்கின் உதவியால் மெதுவாகக் கருமையைக் கூட்டலாம். நெசவின் ஓரங்கள் அப்படியே இருக்கும், சாம்பல் பூச்சு இறங்கும். முழுவதும் போகாது. தடித்த படலமாக இருந்தால் ஆளை மறுபடி உட்காரவைத்து எடுப்பதே நேர்மையான முடிவு.

முடிந்ததா என்று பார்க்க இன்னொரு Curves லேயரை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, கோட்டின் நடுவளைவை நன்றாக மேலே தூக்குங்கள். கறுப்புக் கோட் சாம்பல் கோட்டாக மாறி, விட்டுப்போன பிசிறும், நாம் வழித்துவிட்ட இடங்களும் ஒருசேரத் தெரியும். நெசவு இல்லாத வழுக்கைத் திட்டுகள் தெரிந்தால் அந்த இடத்தில் மாஸ்க்கைத் திரும்பக் கறுப்பாக்கி, கையால் திருத்த வேண்டும். இந்தச் சோதனை லேயர் இருக்கும்போதே ஹீலிங் செய்வதானால், Sample என்பதில் All Layers இருந்துவிடக் கூடாது. இருந்தால் சோதனைக்காக ஏற்றிய வெளிச்சமும் திருத்தத்தோடு சேர்ந்து பதிந்துவிடும். பிறகு அந்த லேயரை அணைத்ததும் தோளெல்லாம் சாம்பல் பொட்டுகளாக நிற்கும். பொடுகே தேவலை என்றாகிவிடும்.

எதுவரை துரத்துவது என்பதை அச்சின் அளவு தீர்மானிக்கட்டும். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் அச்சிட்டால், ஒரு மில்லிமீட்டர் செதில் தாளில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் புள்ளியாக விழும். கையில் வைத்துப் பார்ப்பவருக்குத் தெரியும். ஐந்தாறு படி மட்டும் வெளுத்த பிசிறு தாளின் கருமையில் மூழ்கிவிடும். பிரகாசமான கைப்பேசித் திரையில் அதே பிசிறு தெரியக்கூடும். படத்தை 100 சதவீத அளவில் வைத்துப் பார்த்துக் கண்ணில் படுவதை நீக்கினால் போதும். 300, 400 என்று பெரிதாக்கித் தேடினால் துணியின் சொந்த முடிச்சுகளையே தூசியாக எண்ணி அழிக்கத் தொடங்கிவிடுவோம். கம்பளித் துணியின் மேலே இயல்பாகவே சில இழைகள் எழும்பியிருக்கும். அவை துணியின் பகுதி.

சில படங்களில் இந்த வேலையைத் தொடவே கூடாது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் விதிகள், கேமரா சென்சாரில் ஒட்டிய தூசியையும் ஸ்கேன் செய்த பழைய நெகட்டிவ், அச்சுப்படங்களின் கீறல்களையும் நீக்க மட்டுமே குளோன் கருவியை அனுமதிக்கின்றன. கோட்டின்மேல் இருந்த பொடுகு, கேமராவின் முன்னே உண்மையாகவே இருந்த பொருள்; செய்திப் படத்தில் அது இருந்தபடியே இருக்க வேண்டும். அமெரிக்க பாஸ்போர்ட், விசா படங்களையும் கணினியில் திருத்தக் கூடாது என்பது அந்நாட்டு அரசின் விதி. கோட் அணிந்து அந்தப் படத்துக்கு உட்காருகிறவருக்குச் செல்லோடேப் ஒன்றுதான் வழி. விளக்கை எரியவிட்டு, இரண்டு தோளையும் காலரின் பின்பக்கத்தையும் ஒற்றியெடுத்த பிறகே ஷட்டரை அழுத்த வேண்டும்.